61,420 வரவேண்டிய இடத்தில் 73,220: கஸ்டமர் ஸ்டேட்மென்டைச் சரிபார்ப்பது எப்படி?

மாதம் முடிந்ததும் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும். நம் கடைப் பெயர் மேலே, கீழே கடைசி வரியில் ஒரு தொகை, பக்கத்தில் Dr. பெரும்பாலானோர் அந்தக் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். மனதில் இருக்கும் தொகையோடு ஒத்துப்போனால் சரி என்று விட்டுவிடுவார்கள், ஒத்துப்போகாவிட்டால் போன் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். இரண்டுமே சரிபார்ப்பு இல்லை.

இதில் குழப்பம் வருவது கணக்கு கடினம் என்பதால் அல்ல. கூட்டல் கழித்தலைத் தாண்டி இதில் ஒன்றும் கிடையாது. "கிரெடிட் நோட்", "ஓப்பனிங் பேலன்ஸ்" மாதிரி வார்த்தைகளை ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் புழங்குகிறோம், அங்கேதான் சிக்கல். நான் சில சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மதுரையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்த ஸ்டேட்மென்டை வைத்தே இதைச் சொல்லிவிடுகிறேன்.

மளிகைக் கடை நோட்டு

தெருமுனை மளிகைக் கடையில் பற்று நோட்டு வைத்து வாங்கிய அனுபவம் நிறைய வீடுகளுக்கு இருக்கும். போன மாதப் பாக்கி 800 ரூபாய். இந்த மாதம் 1,500 ரூபாய்க்குச் சாமான். நடுவில் வண்டு விழுந்த பருப்பு 120 ரூபாய்க்குத் திருப்பிக் கொடுத்தோம். சம்பளம் வந்ததும் கையில் இருந்த 1,000 ரூபாயைக் கொடுத்தோம். இப்போது பாக்கி எவ்வளவு? 800, அதோடு 1,500, அதில் 120 போக, 1,000 போக, 1,180.

கஸ்டமர் ஸ்டேட்மென்ட் என்பது இந்த நோட்டின் ஒரு பக்கம்தான். பழைய 800தான் ஓப்பனிங் பேலன்ஸ், அதாவது இந்தப் பக்கம் தொடங்கும்போதே இருந்த பாக்கி. 1,500 பில். 120 கிரெடிட் நோட். 1,000 பகுதிப் பணம், அதாவது முழுப் பாக்கியும் தீராமல் கொடுத்த தொகை.

கிரெடிட் நோட் என்ற பெயரைக் கேட்டதும் "கிரெடிட்" என்றால் கடன், அப்படியென்றால் நம் தலையில் கடன் ஏற்றுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நேர் எதிர். "நீங்கள் தரவேண்டியதில் இவ்வளவு குறைத்துக்கொள்ளுங்கள்" என்று விற்றவர் எழுதித் தரும் சீட்டு அது. சரக்கு திரும்பி வந்தாலோ, பில்லில் விலை கூடப் போட்டிருந்தாலோ ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி அதைக் கொடுப்பவர் விற்றவர். வாங்கியவர் தன் நோட்டில் டெபிட் நோட் எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்காக விற்றவர் நோட்டில் பாக்கி தானாகக் குறையாது.

அப்புறம் அந்த Dr, Cr. ஸ்டேட்மென்ட் விற்றவருடைய நோட்டிலிருந்து எடுத்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அவர் நோட்டில் நாம் தரவேண்டியவர், அதனால் பாக்கி Dr. அதே பாக்கி நம் டேலியில் Cr என்று தெரியும். ஒன்று கண்ணாடியில் தெரியும் இன்னொன்று, அவ்வளவுதான். அவருடைய டெபிட் பத்தியில் வருவது பாக்கியைக் கூட்டும், கிரெடிட் பத்தியில் வருவது குறைக்கும்.

இதுவரை சொன்னதை ஒரு வரியில் எழுதினால் இப்படி:

```
தரவேண்டியது = ஓப்பனிங் + பில்கள் - கிரெடிட் நோட்டுகள் - கொடுத்த பணம்
```

வந்த ஸ்டேட்மென்ட்

2025 ஜூலை மாதத்துக்கு அந்தக் கடைக்கு வந்தது இது. பில் தொகைகள் எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து. வலது ஓரத்தில் இருப்பது அந்த வரி வரைக்குமான பாக்கி.

```
ஜூலை 1   ஓப்பனிங்                          48,600
ஜூலை 3   பில் 318            + 35,400      84,000
ஜூலை 8   வரவு, பேங்க்         - 25,000      59,000
ஜூலை 12  பில் 341            + 17,700      76,700
ஜூலை 18  நோட் 27             +  4,720      81,420
ஜூலை 22  வரவு, செக்           - 20,000      61,420
ஜூலை 26  பில் 366            + 11,800      73,220
```

கடைக்காரர் நோட்டில் தரவேண்டியது 61,420. ஸ்டேட்மென்டில் 73,220. வித்தியாசம் 11,800.

அண்ணாச்சி கண்ணில் முதலில் பட்டது கடைசி வரி. 11,800, அதே தொகைக்கு ஒரு பில். அதற்கு முந்தின வரியில் பாக்கி சரியாக 61,420! "பாத்தியா, 26ஆம் தேதி பில்லை ரெண்டு தடவ ஏத்திட்டான், இல்லாட்டி வராத சரக்குக்குப் பில் போட்டுட்டான்" என்று போனைக் கையில் எடுத்துவிட்டார்.

யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் பில் 366 ஸ்டேட்மென்டில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. ஃபைலில் தேடியபோது இன்வாய்ஸும் கிடைத்தது, சரக்கு இறக்கிய பையன் பின்பக்கம் போட்ட கையெழுத்தோடு. அண்ணாச்சி நோட்டிலுமே அந்தப் பில் ஏறியிருந்தது, அதையும் சேர்த்துத்தான் அவருக்கு 61,420 வந்தது. அந்தப் பில் ஒரு பாவமும் செய்யவில்லை.

வித்தியாசத் தொகையை வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்துகிற வரியைத் தேடுவதில் இருக்கிற ஆபத்து இதுதான். இரண்டு தவறுகள் சேர்ந்து தற்செயலாக ஒரு நல்ல பில்லின் தொகைக்குச் சமமாகிவிடலாம். இங்கே அதுதான் நடந்தது. அதனால் கடைசி வரியிலிருந்து மேலே போகாமல், முதல் வரியிலிருந்து கீழே வரவேண்டும்.

முதலில் ஓப்பனிங்

ஜூன் மாதக் கடைசி வரியும் ஜூலை முதல் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். நோட்டில் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்குகிறது, நடுவில் எதுவும் மாறக் காரணம் இல்லை. அதனால் ஸ்டேட்மென்ட் வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, போன மாத ஸ்டேட்மென்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைப்பது. இதைப் பலரும் செய்வதே இல்லை, ஓப்பனிங் என்பது கம்ப்யூட்டர் போடுவது, அது தப்பாகாது என்று ஒரு நம்பிக்கை.

வாட்ஸ்அப்பில் மேலே தள்ளிப் பார்த்தால் ஜூன் ஸ்டேட்மென்ட் இருந்தது. அதன் கடைசி வரி 46,240. ஜூலை ஓப்பனிங் 48,600. வித்தியாசம் 2,360.

2,360 என்பது 2,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீதமும். ஆக ஜிஎஸ்டியோடு கூடிய ஏதோ ஒரு பதிவு ஜூனில் மாறியிருக்க வேண்டும், ரொக்கமாக இருந்தால் இப்படிச் சில்லறையாக வராது. ஜூன் ஸ்டேட்மென்டில் தேடினால் 28ஆம் தேதி ஒரு கிரெடிட் நோட், உடைந்து வந்த சீலிங் ஃபேன்களுக்கு, 2,360.

ஜூன் முடிந்து ஸ்டேட்மென்டும் அனுப்பியாகிவிட்டது, பிறகு எப்படி மாறும்? டேலியில் ஓப்பனிங் என்பது தனியாக எழுதி வைத்த எண் இல்லை. கேட்கிற தேதிக்கு முன்னால் உள்ள எல்லாப் பதிவுகளையும் அந்த நேரத்தில் கூட்டிக் காட்டுகிறது. ஜூன் தேதியிட்ட ஒரு பதிவை ஜூலையில் யாராவது திருத்தினாலும் ஜூலை ஓப்பனிங் சத்தமில்லாமல் மாறிவிடும். அவர்கள் கணக்குப் பிள்ளையிடம் கேட்டபோது காரணம் தெரிந்தது: 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடுவதற்காக ஜூன் பதிவுகளைச் சரிபார்த்திருக்கிறார்கள், அப்போது கிட்டத்தட்ட இதே பெயருள்ள வேறொரு கடையின் கணக்குக்கு அந்தக் கிரெடிட் நோட் மாறிப்போயிருக்கிறது.

நம் கையில் ஜூன் ஸ்டேட்மென்ட் இல்லையென்றால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாதா? வேறு ஒரு வழி உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு மாதாமாதம் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில், விற்றவர் நம் பெயரில் பதிந்த பில்களும் கிரெடிட் நோட்டுகளும் இருக்கும். கையில் சீட்டு இருந்து, அங்கே அது இல்லையென்றால் விற்றவர் பக்கம் எங்கோ தவறியிருக்கிறது.

ஆக ஓப்பனிங் 46,240. இந்த ஒரு வரியைத் திருத்தினாலே வித்தியாசம் 11,800லிருந்து 9,440 ஆகிவிட்டது. கடைசிப் பில்லோடு இருந்த பொருத்தமும் போய்விட்டது.

கிரெடிட் நோட் எந்தப் பக்கம்?

ஜூலை 18 வரியை மறுபடி பாருங்கள். நோட் 27 என்பது திருப்பி அனுப்பிய சுவிட்சுகளுக்கு அவர்கள் கொடுத்த கிரெடிட் நோட். அதற்கு முன் பாக்கி 76,700, பின் 81,420. கிரெடிட் நோட் வந்தால் பாக்கி இறங்க வேண்டும், இங்கே ஏறியிருக்கிறது. தொகை சரி, தேதி சரி, எண் சரி. பக்கம்தான் தப்பு.

தொகையை மட்டும் டிக் அடித்துக்கொண்டே போனால் இது கண்ணில் படவே படாது. ஒவ்வொரு வரியிலும் பாக்கி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டேட்மென்டில் வவுச்சர் வகை என்று ஒரு பத்தி இருந்தால் அதையும் படியுங்கள். இதில் Debit Note என்றே இருந்தது, யாரும் படிக்கவில்லை. டேலி பிரைமில் டெபிட் நோட்டுக்கு Alt+F5, கிரெடிட் நோட்டுக்கு Alt+F6, பக்கத்துப் பக்கத்துச் சாவி. மாதக் கடைசியில் ஐம்பது பதிவு போடுகிற கைக்கு இது சாதாரணம்.

இங்கே ஒரு விஷயம் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும். நோட் 4,720 ரூபாய்க்கு, ஆனால் வித்தியாசம் 9,440. ஏன் இரண்டு மடங்கு? 76,700லிருந்து 4,720 கீழே போக வேண்டியது, 71,980 ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பதில் 4,720 மேலே போய் 81,420 ஆனது. கழிக்காமல் விட்டது ஒரு 4,720, கூட்டியது இன்னொரு 4,720. அதனால்தான் பழைய கணக்குப் பிள்ளைகள் வித்தியாசம் வந்தால் அதைப் பாதியாக்கி அந்தத் தொகைக்கு ஒரு பதிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல பழக்கம், ஆனால் ஒரே ஒரு தவறு இருக்கும்போதுதான் அது கைகொடுக்கும். இங்கே முதலிலேயே 11,800ஐப் பாதியாக்கியிருந்தால் 5,900 வந்திருக்கும், அந்தத் தொகைக்கு எதுவுமே இல்லை. ஓப்பனிங்கைத் திருத்திய பிறகுதான் 9,440இல் பாதி 4,720 என்று பிடிபட்டது.

கிரெடிட் நோட்டில் அடிக்கடி வரும் இன்னொரு வித்தியாசமும் உண்டு, இந்தக் கேஸில் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். சரக்கு திரும்பியதற்கான நோட்டில் வழக்கமாக ஜிஎஸ்டியும் சேர்ந்து குறையும். வருடக் கடைசியில் டார்கெட் முடித்ததற்காகத் தரும் தள்ளுபடியைப் பலர் ஜிஎஸ்டி இல்லாத வெறும் கணக்கு நோட்டாகக் கொடுப்பார்கள். 4,000 ரூபாய்த் தள்ளுபடியை நாம் வரியோடு 4,720 என்று கழித்து, அவர்கள் 4,000 மட்டும் கழித்திருந்தால் 720 நிற்கும். வித்தியாசம் ஒரு நோட்டின் அடிப்படைத் தொகையில் 18 சதவீதமாக இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

சரி, இதுவரை இரண்டு திருத்தம்: ஓப்பனிங்கில் 2,360, நோட் 27இல் 9,440. இரண்டும் சேர்ந்து 11,800. திருத்தி மறுபடி ஓட்டினால் 46,240, 81,640, 56,640, 74,340, 69,620, 49,620, கடைசியில் 61,420.

பகுதிப் பணம் எந்தப் பில்லுக்கு?

மொத்தம் ஒத்துவந்துவிட்டது, முடிந்தது என்று நினைத்தால் அது பாதி வேலைதான். மொத்தத்தில் தப்பே இல்லாமல், உள்ளே பில்வாரியாகத் தப்பு இருக்கலாம். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு, ஏனென்றால் சரக்கை நிறுத்துவதும் வட்டி கேட்பதும் மொத்தப் பாக்கியைப் பார்த்து அல்ல, பழைய பில் எத்தனை நாளாக நிற்கிறது என்பதைப் பார்த்து.

ஜூலை தொடங்கும்போது 46,240 என்பது இரண்டு பில்களின் பாக்கி. பில் 276இல் ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்தது போக 25,000. பில் 301 மொத்தம் 23,600, அதில் ஃபேன் கிரெடிட் நோட் 2,360 போக 21,240. ஜூலை 8இல் அண்ணாச்சி அனுப்பிய 25,000 பில் 276ஐத் தீர்க்கத்தான் என்பது தொகையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பேங்க் பரிமாற்றத்தில் பில் எண் எதுவும் எழுதவில்லை, அவர்கள் டேலியில் On Account என்று போட்டுவிட்டார்கள். அதாவது பணம் வந்தது, எந்தப் பில்லுக்கு என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. விளைவு, அவர்கள் பில்வாரிப் பட்டியலில் 276 இன்னும் நிலுவையில் நிற்கிறது, அடியில் ஒரு மூலையில் 25,000 தனியாகக் கிடக்கிறது. லைன் ஆள் வந்து "உங்க பில் ரொம்ப நாளா ஓடுது அண்ணாச்சி" என்று சொன்னது இதனால்தான்.

இதற்குச் சட்டமே இருக்கிறது, 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59 முதல் 61 வரையிலான பிரிவுகள். பணம் கொடுப்பவர் இன்ன பாக்கிக்கு என்று சொல்லிக் கொடுத்தால், அல்லது சூழ்நிலையிலிருந்தே அது புரிந்தால், வாங்கியவர் அதற்குத்தான் வைக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல், வேறு எதிலிருந்தும் தெரியாமல் கொடுத்தால், எதற்கு வைப்பது என்பது வாங்கியவர் இஷ்டம். இருவருமே ஒன்றும் செய்யவில்லையென்றால் பழைய பாக்கியிலிருந்து வரிசையாகக் கழியும். ஆகவே பணம் அனுப்பும்போதே "பில் 276" என்று ஒரு வார்த்தை போடுவது நல்லது, அப்புறம் யாரிடமும் வாதாட வேண்டாம்.

ஜூலை 22 செக் 20,000 பில் 301க்கு. அங்கே 1,240 மிச்சம். நோட் 27 பில் 318இல் வந்த சுவிட்சுகளைத் திருப்பியதற்கு, எனவே 318இல் 35,400இலிருந்து 4,720 போக 30,680 ஆகும். இப்போது நிற்பவை:

```
பில் 301    1,240
பில் 318   30,680
பில் 341   17,700
பில் 366   11,800
           ------
           61,420
```

வரிவரியாக ஓட்டி வந்த பாக்கியும், தீராத பில்களைத் தனியாகக் கூட்டி வந்த தொகையும் ஒன்றாக இருக்கிறது. இரண்டு வேறு பாதையில் போய் ஒரே இடத்துக்கு வந்தால் கணக்கை நம்பலாம். இரண்டாவது கூட்டல் மட்டும் ஒத்துவரவில்லையென்றால், எங்கோ ஒரு பணமோ நோட்டோ பில்லோடு சேர்க்கப்படாமல் கிடக்கிறது.

எல்லா வித்தியாசமும் தப்பு இல்லை

ஜூலை 30இல் நாம் செக் கொடுத்து நம் நோட்டில் எழுதிவிட்டோம், அவர்கள் ஆகஸ்ட் 2இல் வரவு வைத்தார்கள் என்றால் ஜூலை ஸ்டேட்மென்டில் அது வராது. லாரியில் ஏறிவிட்ட சரக்குக்கு அவர்கள் 31ஆம் தேதி பில் போட்டிருப்பார்கள், நமக்கு 2ஆம் தேதிதான் வந்து இறங்கும். இவை தேதி வித்தியாசம், அடுத்த மாத ஸ்டேட்மென்டில் தானாகச் சரியாகும். திருத்தச் சொல்ல வேண்டாம், ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வந்ததா என்று பார்த்தால் போதும். அடுத்த மாதமும் வரவில்லையென்றால் அப்போது அது தப்பு. இந்தக் கடையில் அந்த மாதம் அப்படி எதுவும் இல்லை.

ஸ்டேட்மென்டோடு சில சமயம் "மேற்கண்ட பாக்கி சரி" என்று கையெழுத்தும் சீலும் கேட்டு ஒரு தாள் வரும். 73,220 என்று இருக்கும் தாளில் அவசரத்துக்குக் கையெழுத்துப் போட்டால், பின்னால் தகராறு வரும்போது நாமே ஒப்புக்கொண்ட தொகை என்று அதைக் காட்டுவார்கள். காலவரையறைச் சட்டத்தில் கெடு முடிவதற்குள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் வழக்குக்கான கால அளவு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்பதும் இருக்கிறது. ஒத்துவராத தொகைக்குக் கையெழுத்து வேண்டாம், அல்லது நம் தொகை இது, வித்தியாசம் இன்ன இன்ன வரியில் என்று எழுதிக் கீழே போடுங்கள்.

அண்ணாச்சி போனில் கத்துவதற்குப் பதிலாக நான் அவர்கள் ஆபீஸுக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "சார், ஜூன் ஸ்டேட்மென்ட் கடைசிப் பாக்கி 46,240, ஜூலை ஓப்பனிங் 48,600. ஜூன் 28 கிரெடிட் நோட் 2,360 காணவில்லை, காப்பி இணைத்திருக்கிறேன். ஜூலை 18 நோட் 27 டெபிட்டில் விழுந்திருக்கிறது. 8ஆம் தேதி 25,000 பில் 276க்கு, 22ஆம் தேதி 20,000 பில் 301க்கு. எங்கள் கணக்குப்படி 61,420." தொகையைப் பற்றி வாதமே வரவில்லை. மறுநாள் மத்தியானம் திருத்திய ஸ்டேட்மென்ட் வந்தது, 276 பட்டியலிலிருந்து போயிருந்தது. நோட் 27ஐ மட்டும் 18ஆம் தேதிக்குப் பதிலாக 31ஆம் தேதியில் போட்டிருந்தார்கள். பாக்கி சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சீட்டில் உள்ள தேதியையே போடச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.